கரையானைக் கண்டதும் ஸ்ப்ரேயை எடுக்காதீர்கள்: பூச்சி ஒழிப்பு விளம்பரத்தைப் படிக்கும் முறை

"கரப்பான் பூச்சித் தொல்லையா? கரையான் கவலையா? பதற வேண்டாம். எதையும் தொட வேண்டாம். எங்களை அழையுங்கள். இலவசப் பரிசோதனை. வாடையில்லாத மருந்து. குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் பாதுகாப்பானது. ஐந்து ஆண்டு உத்தரவாதம்."

தாமான் வாட்ஸ்அப் குழுக்களிலும், வீட்டு இரும்புக் கதவில் செருகப்படும் தாள்களிலும், கோயில் திருவிழா மலரின் கடைசிப் பக்கங்களிலும் இந்த மாதிரி வாசகங்களை நாம் அடிக்கடி பார்க்கிறோம். நிறுவனத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் மாறும், வாசகங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. இவற்றில் வெறும் ஆறுதல் வார்த்தைபோல் தெரிவது "எதையும் தொட வேண்டாம்" என்பதுதான். உண்மையில் மொத்த விளம்பரத்திலும் தொழில் அறிவு அதிகம் உள்ள வரி அதுவே. மற்ற ஒவ்வொரு வரிக்கும் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

ஏன் தொடக்கூடாது என்பதைப் புரிந்துகொள்ள, வீட்டுக்குள் வருவது எந்தக் கரையான் என்று முதலில் தெரிய வேண்டும்.

மலேசிய நகரங்களில் வீட்டு மரத்தை அரிப்பவற்றில் முதலிடம் கோப்டோதெர்மஸ் ஜெஸ்ட்ரோய் என்ற நிலத்தடிக் கரையானுக்கு. இது மண்ணுக்கடியில் கூடு கட்டி, தரை வெடிப்புகள், குழாய் நுழையும் துளைகள், கதவு நிலையின் அடிப்பாகம் போன்ற இடங்கள் வழியாக மேலே ஏறும். வெளிச்சமும் வறண்ட காற்றும் இதற்கு ஆகாது. அதனால்தான் போகும் வழியெல்லாம் மண்ணாலும் எச்சிலாலும் பென்சில் பருமனுக்கு ஒரு குழாய்ப் பாதை கட்டிக்கொள்கிறது. சுவரில் நாம் பார்க்கும் அந்த மண்கோடு அதன் நெடுஞ்சாலை. கூடு அங்கே இல்லை. கூடு பக்கத்து வீட்டுத் தரைக்கடியில் இருக்கலாம், பின்பக்கக் கால்வாய் ஓரத்தில் புதைந்த பழைய மரக்கட்டையில் இருக்கலாம்.

இதை அடையாளம் காண்பது எளிது. மண்கோட்டின் நடுவில் அரை அங்குலம் மட்டும் விரல் நகத்தால் உரித்துப் பாருங்கள். உள்ளே வெளிறிய வேலைக்காரக் கரையான்கள் ஓடும். அவற்றோடு தலை மஞ்சளாக, கண்ணீர்த்துளி வடிவத்தில், முன்னே கொடுக்கு வைத்த காவலாளிகள் வரும். ஒரு குச்சியால் சீண்டினால் காவலாளியின் நெற்றியிலிருந்து பால்போன்ற வெள்ளைத் திரவம் கசியும். அந்தப் பால் வந்தால் கோப்டோதெர்மஸ் இனம் என்று வைத்துக்கொள்ளலாம். பார்த்தவுடன் நிறுத்திவிடுங்கள். மீதிக் கோட்டை அப்படியே விட்டுவிட வேண்டும்.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் நெருங்கிய உறவு ஒன்று பழக்கமானது. உயிருள்ள பால்மரத்தை வேரிலிருந்து தின்று சாய்க்கும் கரையான் கோப்டோதெர்மஸ் கர்விக்னாத்தஸ். சதுப்பு நிலத்துச் செம்பனையையும் அது விடுவதில்லை. பால்மரக் காட்டை வெட்டி அந்த இடத்தில் தாமான் எழுப்பும்போது, அடிமரங்களும் வேர்களும் மண்ணுக்கடியில் நிறையத் தங்கிவிடும். அவை கரையானுக்குப் பல ஆண்டுத் தீனி. பழைய தோட்ட நிலத்தில் எழுந்த வீடுகளில் குடியேறிச் சில ஆண்டுகளிலேயே கரையான் தலைகாட்டினால், கட்டுமானம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. நிலத்தின் பழைய கதையும் அதில் இருக்கிறது.

புற்று கட்டும் கரையான் வேறு. அது மேக்ரோதெர்மஸ் கில்வஸ். இதன் காவலாளிகள் பெரியவை, தலை செம்பழுப்பு நிறத்தில் இருக்கும், கடித்தால் விரலில் இரத்தம் வரும். கூட்டுக்குள் காளான் வளர்த்து உண்ணும் இனம் இது. நம் கோயில்களில் மஞ்சள் பூசிக் கும்பிடும் புற்றுகளில் பல இதன் வேலைதான். இது வீட்டுக்குள் வரவே வராது என்று சொல்லிவிட முடியாது, ஆனால் கதவு நிலையைக் குடைந்து காலி செய்வதில் கோப்டோதெர்மஸுக்கு ஈடில்லை. வாசலில் புற்று இருப்பதை மட்டும் காட்டி உடனே முழு வீட்டுக்கும் சிகிச்சை செய்ய வேண்டும் என்று ஒருவர் அவசரப்படுத்தினால், வீட்டுக்குள் கரையான் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. மண்கோடே இல்லாமல், நாற்காலியின் அடியிலோ சாமி மேடையின் அடியிலோ ரவைபோல் சிறு மணிகள் குவிந்து கிடந்தால் அது உலர்மரக் கரையான். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பக்கம் இருக்கும். அதற்கு மண் வேண்டாம், ஈரம் வேண்டாம், அந்த ஒரு மரச்சாமானுக்குள்ளேயே குடும்பம் நடத்தும். இதற்காக வீட்டுத் தரையைத் துளையிட்டு மருந்து ஏற்றுவது வீண் செலவு. அந்தச் சாமானை மட்டும் கவனித்தால் போதும்.

இனி, தொடக்கூடாது என்பதற்கான காரணத்துக்கு வருவோம். நிலத்தடிக் கரையானுக்கு இன்று பரவலாகச் செய்யப்படும் சிகிச்சை தூண்டில் முறை. விளம்பரங்களில் 'பெய்ட்டிங்' என்று வரும். மண்கோட்டின் மேலேயே ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டியைப் பொருத்தி, உள்ளே தண்ணீர் விட்டுப் பிசைந்த நார்ப்பொருளை வைப்பார்கள். காகிதம் போன்ற அந்த உணவில் குளோர்ஃபுளூவாசுரோன் அல்லது ஹெக்சாஃபுளுமுரோன் என்ற மருந்து மிகக் குறைந்த அளவில் கலந்திருக்கும். கரையான் அதைத் தின்று, கூட்டுக்குத் திரும்பி, மற்றவற்றுக்கு வாயோடு வாய் ஊட்டும். இந்த மருந்து உடனே கொல்லாது. பூச்சி வளர்வதற்குத் தோலுரிக்கும்போது புதுத் தோல் உருவாகாமல் தடுக்கும். வேலைக்காரக் கரையான்கள் தோலுரிக்க முடியாமல் சாகும். உணவு கொண்டுவர ஆள் இல்லாமல் அரசியும் காவலாளிகளும் பட்டினியில் முடியும். மெதுவாகக் கொல்வதுதான் இந்த முறையின் பலமே. உடனே செத்தால் மருந்து கூடு வரைக்கும் போய்ச் சேராது.

வீட்டில் ஸ்ப்ரே அடித்தால் நடப்பது இதற்கு நேர் எதிர். கடையில் வாங்கும் ஸ்ப்ரேயில் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்து இருக்கும். பட்ட கரையான் அங்கேயே சாகும், மீதி அந்தப் பாதையை அடைத்துவிட்டு விலகும். ஆயிரக்கணக்கில் செத்துக் கிடப்பதைப் பார்த்து நாம் நிம்மதி அடைவோம். கூட்டில் இருப்பது இலட்சக்கணக்கில். இரண்டு மாதம் கழித்து அவை சமையலறைக் கேபினட்டின் பின்னாலோ சிலிங் கட்டையிலோ வேறு வழி போட்டிருக்கும். இதைவிடப் பெரிய நட்டம், ஆள் வரும்போது தூண்டில் வைக்க உயிருள்ள பாதையே இல்லாமல் போவது. மண்ணெண்ணெய், டீசல், பழைய இயந்திர எண்ணெய் ஊற்றும் தோட்டத்து வழக்கமும் இதே கதைதான். அதில் தீப்பற்றும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது.

ஒரு வீட்டை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது ஆண்டுப் பழைய ஒரு மாடி வரிசை வீடு, அகலம் 20 அடி, நீளம் 45 அடி. பின் அறைக் கதவு நிலையில் மண்கோடு ஏறியிருக்கிறது. நிலையைத் தட்டினால் பொத்தென்று வெற்றுச் சத்தம் வருகிறது. பக்கத்தில் குளியலறைச் சுவர் எப்போதும் ஈரமாக இருக்கிறது.

இலவசப் பரிசோதனைக்கு வருபவர் கதவு நிலையை மட்டும் பார்த்துவிட்டு விலை சொன்னால் அது பரிசோதனை ஆகாது. கையில் டார்ச் விளக்கும் திருப்புளியும் இருக்க வேண்டும். திருப்புளியின் பிடியால் எல்லாக் கதவு நிலைகளையும், சுவரடிப் பலகைகளையும், கேபினட்டின் உள்பக்கத்தையும் தட்டிப் பார்ப்பார். சிலிங்கைத் திறந்து கூரைக் கட்டைகளைப் பார்ப்பார். பொருள் வைக்கும் அறையில் தரையோடு தரையாக வைத்திருக்கும் அட்டைப் பெட்டிகளை நகர்த்தச் சொல்வார். திருமண ஆல்பமும் பழைய பஞ்சாங்கமும் இருக்கும் பெட்டி கரையானுக்கு விருந்து. சுவரின் ஈரத்தை அளக்கும் சிறு கருவியும் சிலரிடம் இருக்கும். ஒரு மாடி வீட்டுக்கு இதெல்லாம் முறையாகச் செய்ய ஒரு மணி நேரம் போல் ஆகும்.

தூண்டில் முறையைத் தேர்ந்தெடுத்தால், கதவு நிலையில் உயிருள்ள இடத்தில் ஒன்றோ இரண்டோ பெட்டி வைப்பார்கள். தேவைப்பட்டால் வெளியே மண்ணிலும் பதிப்பார்கள். ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து திறந்து பார்த்து, தீர்ந்திருந்தால் உணவு நிரப்புவார்கள். முதல் சில வாரம் பெட்டியில் கரையான் அதிகமாகத்தான் தெரியும். மருந்து வேலை செய்யவில்லை என்று சண்டை போட வேண்டாம், கரையான் நன்றாகத் தின்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. பிறகு மாற்றம் தெரியும். வேலைக்காரக் கரையான்களின் உடம்பு இயல்புக்கு மாறாகச் சுண்ணாம்பு வெண்மையாகும், நடை தளரும். வேலைக்காரர்கள் குறைந்து காவலாளிகளே கண்ணில் அதிகம் படும். கடைசியில் பெட்டி காலியாக, பாதி தின்ற உணவோடு கிடக்கும். இதற்குச் சாதாரணமாக ஒன்று முதல் மூன்று மாதம் பிடிக்கலாம். ஒவ்வொரு முறையும் பெட்டி திறக்கப்படும்போது நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள், கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். கூடு அழிந்ததா என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அந்தப் படங்கள்தான். கதவு நிலையை மாற்றும் வேலையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை நடக்கும்போதே நிலையைப் பெயர்த்தால் தூண்டிலையும் பெயர்த்ததாகிவிடும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. புற்றுக் கரையான் இந்தக் காகிதத் தூண்டிலை அவ்வளவாகச் சீந்தாது. வந்திருப்பது எந்த இனம் என்று பார்க்காமல் பெட்டி வைத்தால் மாதங்கள்தான் கழியும். மேலும், ஒரு கூடு அழிந்ததால் அந்த நிலம் கரையானே இல்லாத நிலமாகிவிடாது. கோப்டோதெர்மஸ் போன பிறகு வேறு இனங்கள் அந்த இடத்துக்கு வருவதைப் பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இன்னொரு வழி, தரைக்கு மருந்து ஏற்றுவது. சுவர் ஓரமாகத் தரையைத் துளையிட்டு, அடியிலுள்ள மண்ணில் மருந்துக் கரைசலை இறக்கி, துளைகளைச் சிமெண்டால் அடைப்பார்கள். ஃபிப்ரோனில், இமிடாகுளோப்ரிட் போன்ற மருந்துகளைக் கரையான் உணர்வதில்லை. அதன் வழியே நடந்து, மருந்தை உடம்பில் சுமந்து சென்று மற்றவற்றுக்கும் ஒட்டவைக்கும். பைஃபென்த்ரின் போன்றவை கரையானை விரட்டும் வகை. அங்கே ஒரு சிறு இடைவெளி விட்டுப்போனாலும் கரையான் அதைத் தேடி உள்ளே வந்துவிடும்.

இங்கேதான் ஏமாற்று வேலைக்கு இடம் அதிகம், கணக்குத் தெரிந்தால் கண்டுபிடிப்பதும் எளிது. இந்த வகை மருந்துகளுக்குச் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஐந்து லிட்டர் கரைசல் என்பது பொதுவான அளவு. நம் வீட்டின் சுற்றளவு 130 அடி, அதாவது சுமார் 40 மீட்டர். உள்சுவர்கள் 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 60 மீட்டர். அதற்கு 300 லிட்டர் கரைசல் வேண்டும். ஓர் அடிக்கு ஒரு துளை என்று போட்டால் ஏறத்தாழ 200 துளைகள், ஒவ்வொன்றிலும் ஒன்றரை லிட்டர். இப்போது யோசித்துப் பாருங்கள். முதுகில் மாட்டும் 16 லிட்டர் தெளிப்பானோடு ஒருவர் வந்து, நாற்பது துளை போட்டு, அதை ஒருமுறை நிரப்பி வேலையை முடித்துக்கொண்டு போனால், உங்கள் தரைக்குக் கிடைத்தது தேவையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். முறையாகச் செய்பவர்கள் லாரியிலோ வேனிலோ பெரிய தொட்டியும் இயந்திரப் பம்பும் நீளக் குழாயும் கொண்டுவருவார்கள். விலை பேசும்போதே எத்தனை துளை, எத்தனை லிட்டர், எந்த மருந்து என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் போகக்கூடிய வேலையைக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

துளையிடுவதற்கு முன் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் தரைக்கடியில் எங்கே போகின்றன என்று அவர்கள் கேட்க வேண்டும். ஒருவரும் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். ஓடு பதித்த தரையில் துளையின் தடம் தெரியாமல் இருக்காது, அதையும் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

வரிசை வீட்டில் இந்த முறைக்கு இன்னொரு குறை இருக்கிறது. நடுச்சுவரின் உங்கள் பக்கத்துக்கு மட்டும்தான் மருந்து ஏற்ற முடியும். கூடு அண்டை வீட்டின் அடியில் இருந்தால் அது அங்கேயே நலமாக இருக்கும். தூண்டிலை அவ்வாறு எல்லை கட்டுப்படுத்தாது, கரையானே அதைக் கூட்டுக்குச் சுமந்து செல்லும். அதனால், கரையான் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட வரிசை வீட்டுக்குத் தூண்டிலே முதலில் பொருந்தும் என்பது என் கணிப்பு. புதிதாகக் கட்டும்போதும், தரையை முழுதாக உடைத்துப் புதுப்பிக்கும்போதும் மண்ணுக்கு மருந்து கொடுப்பதற்கு இணை வேறில்லை.

அந்த ஈரமான குளியலறைச் சுவரை மறந்துவிடக் கூடாது. கோப்டோதெர்மஸுக்கு விடாமல் ஈரம் கிடைத்தால் மண்ணே தேவையில்லை. சுவர் இடுக்கிலோ சிலிங்கிலோ அட்டைபோன்ற ஒரு கூட்டைக் கட்டிக்கொண்டு மேலேயே வாழத் தொடங்கிவிடும். அப்படியொரு கூடு இருந்தால் தரைக்கு 300 லிட்டர் அல்ல, 3,000 லிட்டர் ஊற்றினாலும் அதற்குத் தெரியப்போவதில்லை. ஒழுகும் குழாயைச் சரிசெய்யச் சொல்லாமல் மருந்தை மட்டும் விற்பவர் பாதி வேலையைத்தான் செய்கிறார்.

கரப்பான் பூச்சிக்கும் அடிப்படை இதேதான், முதலில் இனத்தைப் பார்க்க வேண்டும். ராத்திரியில் சாக்கடைப் பக்கமிருந்து பறந்து வரும் பெரிய செம்பழுப்புக் கரப்பான், அமெரிக்கக் கரப்பான் எனப்படுவது. அதன் குடியிருப்பு சாக்கடைத் தொட்டியும் கழிவுநீர்க் குழாயும். சமையலறை அலமாரியில் மருந்து வைத்துப் பயனில்லை. தொட்டிக்குள் மருந்தடித்து, குளியலறைத் தரைவாயின் வடிகட்டியைச் சரிசெய்தால் வரத்து பெரிதும் குறையும்.

பிளாட் வீடுகளிலும் உணவுக்கடைகளிலும் பெரும்பாடு படுத்துவது சின்ன இனம், ஜெர்மன் கரப்பான். நீளம் ஒன்றரை சென்டிமீட்டர் போல், கழுத்துக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள். சாக்கடையிலிருந்து இது வருவதில்லை. அட்டைப் பெட்டியிலும், பழைய குளிர்பெட்டி வாங்கும்போது அதன் மோட்டாரிலும் குடும்பத்தோடு வந்து சேரும். பெண் கரப்பான் முப்பது நாற்பது முட்டைகள் கொண்ட பையைப் பொரியும் தறுவாய் வரை உடலோடு சுமந்து திரியும்.

இதற்கு நல்ல சிகிச்சை ஜெல் மருந்து. கதவுக் கீல், இழுப்பறையின் உள்மூலை, குளிர்பெட்டி மோட்டாரின் அருகு, அடுப்பின் பின்பக்கம் ஆகிய இடங்களில் அரிசிமணி அளவில் பல பொட்டுகள் வைப்பார்கள். பெரிதாக ஓரிரு பொட்டு வைப்பதைவிடச் சிறிதாகப் பல இடத்தில் வைப்பதே வேலை செய்யும், ஏனென்றால் இந்தச் சின்னக் கரப்பான் தன் இடுக்கை விட்டு அதிகத் தூரம் போகாது. தின்றது இடுக்குக்குத் திரும்பிச் சாகும், அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் குஞ்சுகளும் சாகும். கரையானில் பார்த்த அதே தந்திரம். அதே காரணத்தால் ஸ்ப்ரே இங்கேயும் கெடுக்கும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடித்தால் வாடை பிடிக்காமல் கரப்பான் ஜெல்லைத் தொடாது, பக்கத்து அறைக்கும் பக்கத்து வீட்டுக்கும் சிதறும். போதாததற்கு, பல நாடுகளில் ஜெர்மன் கரப்பானுக்குப் பைரித்ராய்டு மருந்து பழகிப்போய்விட்டது. ஸ்ப்ரே அடித்தும் சாகவில்லை என்று சொல்வதில் மிகையில்லை.

முட்டைப் பைகள் பிறகு பொரியும் என்பதால் இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு முறை வருவது அவசியம். ஒரே வருகையில் முழு ஒழிப்பு என்று விளம்பரம் சொன்னால் ஜெர்மன் கரப்பானைப் பொறுத்தவரை நம்ப வேண்டாம். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அடுப்படியில் ஓர் ஒட்டுப்பொறி அட்டையை இரவு முழுதும் வைத்து, சிக்கியவற்றை எண்ணி எழுதி வைத்தால் மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கு படிந்த இடத்தில் வைத்த ஜெல் சீக்கிரம் கெடும். ஆள் வருவதற்கு முந்தைய நாளே அடுப்படியைத் துடைத்து வைத்துவிட்டு, வைத்த பிறகு அந்தப் பொட்டுகளைத் துடைக்காமல் விட வேண்டும்.

"குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது" என்ற வரியை அப்படியே ஏற்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். நம் நாட்டில் 1974ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவான மருந்தைத்தான் பயன்படுத்தலாம். புட்டியின் லேபிளில் 'எல்.ஆர்.எம்.பி.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். நச்சின் கடுமையை லேபிளின் வண்ணப் பட்டை காட்டும். கறுப்பும் சிவப்பும் மிகக் கடுமை, மஞ்சள் நடுத்தரம், நீலம் குறைவு, வெள்ளை மிகக் குறைவு. எடுத்து வந்த புட்டியைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. லேபிள் இல்லாத மினரல் வாட்டர் புட்டியில் மருந்து வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடலாம். மருந்தடிப்பவரிடமும் உரிமம் இருக்க வேண்டும், பி.சி.ஓ. அல்லது ஏ.பி.சி.ஓ. என்று அட்டையில் இருக்கும்.

தூண்டிலும் ஜெல்லும் மிகக் குறைந்த மருந்து கொண்டவை. கரையான் தூண்டிலில் உள்ள மருந்து பூச்சித் தோலின் கைட்டின் என்ற பொருள் உருவாவதைத்தான் தடுக்கிறது, நம் உடலில் அந்தப் பொருளே கிடையாது. பைரித்ராய்டு தெளிப்பு மட்டும் மீன்களுக்குக் கொடிய நஞ்சு, பூனைக்கும் ஆகாது. மீன்தொட்டி இருந்தால் மூடி, காற்றுப் பம்பை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். கைக்குழந்தையோ ஆஸ்துமா உள்ளவரோ வீட்டில் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக அந்த ஐந்து ஆண்டு உத்தரவாதம். கரையான் திரும்ப வந்தால் இலவசமாக மறுபடி சிகிச்சை செய்வோம் என்பதே பெரும்பாலான உத்தரவாதங்களின் பொருள். அரித்துப்போன கதவு நிலைக்கும் கேபினட்டுக்கும் அது பணம் தராது. ஆண்டுப் பரிசோதனைக்குத் தனிக்கட்டணம் கட்டினால்தான் உத்தரவாதம் நீடிக்கும் என்று சிறு எழுத்தில் இருக்கலாம். தரையை உடைத்துப் புதுப்பித்தாலோ வீட்டை நீட்டிக் கட்டினாலோ செல்லாது என்றும் இருக்கும். இதில் நியாயம் இருக்கிறது, உடைத்த இடத்தில் மருந்து வளையம் அறுந்துவிடுகிறது. ஆனால் இதைப் பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

எழுதிக் கொடுத்த வேலையைச் செய்யாமல் போனால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே கோரிக்கை பதியலாம். பதிவுக் கட்டணம் ஐந்து ரிங்கிட், கோரும் தொகை 50,000 ரிங்கிட் வரை இருக்கலாம், மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். அங்கே கேட்கப்போவது இரசீதும், துளையும் லிட்டரும் எழுதிய ஒப்பந்தத் தாளும், பெட்டி திறந்தபோது எடுத்த படங்களும்தான்.